கூட்டுத்தொகைக் கேள்விக்கு ஃபென்விக் ட்ரீயா, செக்மென்ட் ட்ரீயா?

கேள்வி: சார், வணக்கம். மூன்று வருஷமாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இப்போது வேறு இடம் தேடுகிறேன். ஒரு ஆன்லைன் ரவுண்டில் அரே ஒன்றைக் கொடுத்து, நடுநடுவே எண்களை மாற்றிக்கொண்டே, l முதல் r வரை கூட்டுத்தொகை என்ன என்று கேட்டார்கள். ப்ரிஃபிக்ஸ் சம் வைத்து எழுதினேன். பாதி டெஸ்ட் கேஸில் நேரம் முடிந்துவிட்டது. ஃபென்விக் ட்ரீ படி என்கிறார் ஒரு நண்பர், செக்மென்ட் ட்ரீ படி என்கிறார் இன்னொருவர். இரண்டின் கோடையும் மனப்பாடம் செய்கிறேன், கொஞ்ச நாளில் மறந்துவிடுகிறது. எது போதும்? மறக்காமல் எப்படிப் படிப்பது?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வணக்கம். இரண்டும் வேண்டும், ஆனால் ஒரே அளவுக்கு வேண்டாம். கூட்டுத்தொகையும் ஒற்றை இடத்து மாற்றமும் மட்டும் கேட்டால் ஃபென்விக் எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு வரியில் முடிந்துவிடும், தப்பு நுழைய இடம் குறைவு. கேள்வி பெரிய எண், சிறிய எண் என்று திரும்பினால் செக்மென்ட் ட்ரீக்குப் போங்கள். மறந்துபோவதற்குக் காரணம், நீங்கள் வரிகளைப் படிப்பது. ஒவ்வொரு கட்டத்திலும் எந்தப் பகுதியின் கூட்டல் இருக்கிறது என்று தெரிந்தால் வரிகள் அதிலிருந்து தானாக வரும். அதைத்தான் இங்கே நிதானமாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் உங்கள் ப்ரிஃபிக்ஸ் சம் ஏன் தோற்றது என்று பார்த்துவிடலாம். அதில் கேள்விக்குப் பதில் ஒரே கழித்தலில் வந்துவிடும். ஆனால் மூன்றாவது எண் மாறினால் மூன்றிலிருந்து கடைசி வரை எல்லா ப்ரிஃபிக்ஸும் மாற வேண்டும். எண்கள் 2 லட்சம், அப்டேட்டும் கேள்வியும் சேர்ந்து இன்னொரு 2 லட்சம் என்று வையுங்கள். அப்டேட்டெல்லாம் அரேயின் முன்பக்கத்திலேயே விழுந்தால் வேலை 4,000 கோடிப் படிகளை நெருங்கும். ப்ரிஃபிக்ஸே வைக்காமல் கேள்வி வரும்போதெல்லாம் கூட்டினாலும் அதே கதைதான். சுமை அப்டேட்டிலிருந்து கேள்விக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் ஒன்று: எண் மாறினால் சில கட்டங்கள் மட்டும் மாற வேண்டும், கேள்வி வந்தால் சில கட்டங்களை மட்டும் கூட்ட வேண்டும். 2 லட்சத்துக்கு அந்த 'சில' என்பது அதிகபட்சம் 18. அப்போது மொத்த வேலை சில பத்து லட்சம் படிகளுக்குள் அடங்கிவிடும்.

இதைச் செய்வதற்கான ஒரு வழியை நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இருந்த பீட்டர் ஃபென்விக் 1994இல் எழுதினார். ரஷ்யாவைச் சேர்ந்த போரிஸ் ரியாப்கோ 1989இலேயே இதே கருத்தை வெளியிட்டிருந்தார். ஃபென்விக்கின் நோக்கம் இன்டர்வியூ கேள்வி அல்ல, தகவல் சுருக்கம். ஒவ்வொரு குறியீடும் இதுவரை எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கையைக் குவித்து வைத்துக்கொண்டே போக வேண்டும். அந்த எண்ணிக்கையோ ஒவ்வொரு எழுத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கும். இது பின்னால் நமக்குப் பயன்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எட்டு எண்கள் எடுத்துக்கொள்வோம். இடங்களை 1இலிருந்து எண்ணுகிறேன்:

```
i : 1  2  3  4  5  6  7  8
a : 5  3  7  2  6  1  4  8
```

ஃபென்விக்கில் `t` என்று இன்னொரு அரே. `t[i]` என்பது i-இல் முடிகிற ஒரு பகுதியின் கூட்டல். அந்தப் பகுதியின் நீளம், i-ஐ பைனரியில் எழுதினால் வலது ஓரத்தில் முதலில் வருகிற 1-இன் மதிப்பு. விதி இது ஒன்றுதான். 6 என்பது `110`. வலது ஓரத்து 1-இன் மதிப்பு 2. ஆகவே `t[6]`-இல் 5, 6 என்ற இரண்டு இடங்களின் கூட்டல் இருக்கும். 4 என்பது `100`. நீளம் 4, எனவே 1 முதல் 4 வரை. 7 என்பது `111`. நீளம் 1, ஏழாவது எண் மட்டும். ஒற்றைப்படை இடங்களில் எப்போதும் அந்த எண் மட்டுமே இருக்கும்.

```
t[1] = 5           (1..1)
t[2] = 8           (1..2)
t[3] = 7           (3..3)
t[4] = 17          (1..4)
t[5] = 6           (5..5)
t[6] = 7           (5..6)
t[7] = 4           (7..7)
t[8] = 36          (1..8)
```

முதல் ஏழு எண்களின் கூட்டல் வேண்டும் என்று வையுங்கள். `t[7]` ஏழாவதை மட்டும் தருகிறது: 4. அது தொடாத இடம் 6இல் முடிகிறது, எனவே `t[6]`: 7. அது 5, 6 இரண்டையும் எடுத்துக்கொண்டது. மிச்சம் 4இல் முடிகிறது, எனவே `t[4]`: 17. அதோடு 0-க்கு வந்துவிட்டோம். 4 + 7 + 17 = 28. முழுக் கூட்டல் 36-இலிருந்து கடைசி எண் 8-ஐக் கழித்தாலும் 28 வருகிறது, சரி. பைனரியில் பார்த்தால் `111`, `110`, `100`, 0: ஒவ்வொரு முறையும் வலது ஓரத்து 1 ஒன்று அழிகிறது. ஓர் எண்ணில் எத்தனை 1 இருக்கிறதோ அத்தனை படி. 2 லட்சத்துக்கு 18 பிட் போதும் என்பதால்தான் மேலே 18 என்றேன்.

3 முதல் 7 வரை வேண்டுமென்றால் `prefix(7) - prefix(2)`. `t[2]`-இல் 8 இருக்கிறது. 28 - 8 = 20. நேராகக் கூட்டிப் பாருங்கள்: 7 + 2 + 6 + 1 + 4, அதே 20.

இனி அப்டேட். மூன்றாவது எண் 7இலிருந்து 10 ஆகிறது, அதாவது 3 கூடுகிறது. மூன்றாம் இடத்தைத் தன் பகுதிக்குள் வைத்திருக்கும் கட்டங்கள் எவை? பட்டியலைப் பாருங்கள்: `t[3]`, `t[4]`, `t[8]`. மூன்றிலும் 3 கூட்டினால் 10, 20, 39. இப்போது 3 முதல் 7 வரை கேட்டால் 4 + 7 + 20 - 8 = 23. சரியாக 3 கூடியிருக்கிறது.

3இலிருந்து 4, 4இலிருந்து 8 என்று எப்படித் தாவினோம்? வலது ஓரத்து 1-இன் மதிப்பைக் கூட்டினோம். 3 + 1 = 4, 4 + 4 = 8. இங்கேதான் பலரும் மனப்பாடத்துக்குப் போகிறார்கள். 'கேள்விக்குக் கழி, அப்டேட்டுக்குக் கூட்டு' என்று வைத்துக்கொண்டு, அறைக்குள் போனதும் எது எதற்கு என்று குழம்புகிறார்கள். கடினமான ரவுண்டில் கேள்வி கேட்பவர் 'ஏன் கூட்டினால் சரியான கட்டத்துக்குப் போகிறது?' என்று கேட்கவும் வாய்ப்பு உண்டு. காரணம் எளிதுதான்.

i-இன் வலது ஓரத்து மதிப்பை w என்போம். i-க்கும் i + w-க்கும் நடுவில் இருக்கும் எண் ஒன்றை எடுங்கள், i + k என்று. k என்பது w-ஐ விடச் சிறியது. i-இன் கடைசி பிட்டுகள் எல்லாம் 0 ஆக இருப்பதால் k அப்படியே அந்தக் காலி இடத்தில் உட்காரும். ஆகவே i + k-இன் வலது ஓரத்து மதிப்பு k-இனுடையதுதான். அது k-ஐத் தாண்டாது. அப்படியானால் அந்தக் கட்டத்தின் பகுதி i + 1-க்கு முன்னால் தொடங்கவே முடியாது, i அதற்குள் இல்லை. நடுவில் இருப்பவை எல்லாம் விலகிவிட்டன. i + w-இல் என்ன ஆகிறது? w-ஐக் கூட்டும்போது மீதி இடது பக்கம் நகர்கிறது. வலது ஓரத்து மதிப்பு குறைந்தது 2w ஆகிவிடும். அதன் பகுதி அவ்வளவு நீளம் பின்னோக்கிப் போவதால் i-ஐயும், `t[i]` பிடித்திருந்த பகுதி முழுவதையும் விழுங்கிவிடும். எனவே i-ஐக் கொண்ட அடுத்த கட்டம் அதுதான். இதை ஒரு முறை தாளில் 12-க்கோ 20-க்கோ போட்டுப் பாருங்கள். அப்புறம் கூட்டலா கழித்தலா என்ற சந்தேகம் வராது.

வலது ஓரத்து 1-ஐ எடுக்கும் வழி `i & -i`. எதிர்மறை எண்ணை எழுத கம்ப்யூட்டர் எல்லா பிட்டையும் திருப்பி 1 கூட்டுகிறது. 6 நான்கு பிட்டில் `0110`. -6 என்பது `1010`. இரண்டையும் & செய்தால் `0010`, அதாவது 2.

```python
class Fenwick:
    def __init__(self, nums):
        self.n = len(nums)
        self.t = [0] * (self.n + 1)
        for i in range(1, self.n + 1):
            self.t[i] += nums[i - 1]
            j = i + (i & -i)
            if j <= self.n:
                self.t[j] += self.t[i]

    def add(self, i, d):
        while i <= self.n:
            self.t[i] += d
            i += i & -i

    def prefix(self, i):
        s = 0
        while i > 0:
            s += self.t[i]
            i -= i & -i
        return s
```

கட்டும் பகுதியைக் கவனியுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் `add` கூப்பிட்டாலும் தப்பில்லை, நேரம் O(n log n) ஆகும். இங்கே ஒவ்வொரு கட்டமும் தன் கூட்டலை அடுத்த கட்டத்துக்கு ஒரே முறை தள்ளிவிடுவதால் O(n) போதும்.

இனி இது எங்கே உடைகிறது என்று பார்ப்போம்.

லீட்கோட் 307-ஆம் கணக்கையும் சிஎஸ்இஎஸ் தளத்தின் Dynamic Range Sum Queries கணக்கையும் திறந்து பாருங்கள். இரண்டிலும் அப்டேட் என்றால் 'இந்த இடத்தின் மதிப்பை இதுவாக மாற்று' என்று அர்த்தம். நம் `add` செய்வதோ 'இவ்வளவு கூட்டு'. மூன்றாவதை 10 ஆக்கு என்று வரும்போது நேராக `add(3, 10)` கூப்பிட்டால் அந்த இடம் 17 ஆகிவிடும். 3 முதல் 7 வரை 23-க்குப் பதில் 30 வரும். முதல் அப்டேட்டுக்கு முன் எல்லா விடையும் சரியாக இருந்து, அதன் பிறகு எல்லாம் கூடுதலாகவே வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பழைய மதிப்புகளைத் தனி அரேயில் வைத்துக்கொண்டு `add(i, v - a[i])` என்று கொடுங்கள். அடுத்த வரியிலேயே `a[i] = v` என்று எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் அதே இடம் இரண்டாவது முறை மாறும்போதுதான் தப்பு தெரியும். ஒவ்வொரு இடத்தையும் ஒரு முறை மட்டும் மாற்றும் சின்ன மாதிரி டெஸ்டில் எதுவுமே தெரியாது.

இன்னொன்று 0. பல கேள்விகளில் இடங்கள் 0இலிருந்து வரும், ஃபென்விக் 1இலிருந்து. `add(0, d)` கூப்பிட்டால் `0 & -0` என்பது 0. i நகரவே நகராது, லூப் முடியாது. விடை தப்பாக வராமல் புரோகிராம் அப்படியே நின்றுவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். 1 கூட்டுவதை ஒரே இடத்தில், வெளியிலிருந்து அழைக்கும் ஃபங்ஷனுக்குள் மட்டும் செய்யுங்கள். `add`-க்குள்ளும் `prefix`-க்குள்ளும் அங்கங்கே 1 கூட்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

சி++ அல்லது ஜாவாவில் எழுதுகிறீர்கள் என்றால் `t`-ஐ `long long` அல்லது `long` ஆக வையுங்கள். 2 லட்சம் எண்கள், ஒவ்வொன்றும் 100 கோடி வரை என்றால் கூட்டல் 2-க்குப் பின்னால் பதினான்கு பூஜ்ஜியம் வரை போகும். `int` தாங்குவது 214 கோடி சொச்சம்தான். சின்ன டெஸ்டுகள் தேறி, பெரியவற்றில் திடீரென எதிர்மறை விடை வந்தால் இதைப் பாருங்கள்.

இந்த மூன்றையும் ஒரே வழியில் பிடிக்கலாம். நேராகக் கூட்டும் சாதாரண வெர்ஷன் ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு, n-ஐ 1 முதல் 10 வரை மாற்றி, சீரற்ற அப்டேட்டும் கேள்வியும் கொடுத்து, இரண்டின் விடையையும் ஒப்பிடுங்கள். சின்ன n போதும். முதல் வித்தியாசம் வரும் இடத்தில் கையாலேயே போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். n = 1-ஐயும், 2-இன் அடுக்கு அல்லாத 5, 7-ஐயும் விட்டுவிடாதீர்கள். எண்களை மட்டும் பெரிதாக வைத்தால் வழிந்தோடுவதும் அதே சோதனையில் பிடிபடும்.

சரி, செக்மென்ட் ட்ரீ எதற்கு?

l முதல் r வரை என்று நாம் கண்டுபிடித்த விதத்தைத் திரும்பப் பாருங்கள்: ஒரு ப்ரிஃபிக்ஸிலிருந்து இன்னொன்றைக் கழித்தோம். அப்டேட்டிலும் புதியதற்கும் பழையதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினோம். இரண்டுமே கழித்தல் இருப்பதால்தான் நடந்தது. கூட்டுத்தொகைக்குக் கழித்தல் உண்டு, எக்ஸ்ஆர்-க்கும் அதற்கு நிகரானது உண்டு. அதிகபட்சத்துக்குக் கிடையாது. நம் அரேயில் `t[4]` முதல் நான்கின் அதிகபட்சமாக 7-ஐ வைத்திருக்கிறது என்று வையுங்கள். மூன்றாவது எண் 7இலிருந்து 1 ஆகிவிட்டது. இப்போது `t[4]` 5 ஆக வேண்டும். ஆனால் அந்தக் கட்டத்தில் 7 என்ற ஒரு எண்தான் இருக்கிறது. 5 என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. கேள்வி கேட்பவர் கூட்டுத்தொகையை முடித்தபின் 'இப்போது இதே பகுதியில் பெரிய எண் வேண்டும், எண்கள் குறையவும் செய்யலாம்' என்று நீட்டினால், அவர் எதிர்பார்ப்பது இந்தக் காரணத்தைத்தான். ஃபென்விக்கை வளைத்து அதிகபட்சம் கண்டுபிடிக்கும் வழிகளும் உண்டு; ரவுண்டில் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. கோடு நீளும், விளக்குவதும் கஷ்டம்.

செக்மென்ட் ட்ரீயில் ஒவ்வொரு நோடும் தன் இரண்டு பிள்ளைகளிலிருந்து விடையைப் புதிதாகக் கணக்கிடுகிறது. கழித்தல் தேவையே இல்லை. எட்டு எண்களையும் `t[8]` முதல் `t[15]` வரை இலைகளாக வைப்போம். `t[i]`-இன் பிள்ளைகள் `t[2i]`, `t[2i+1]`. கூட்டுத்தொகையாகவே முதலில் பார்த்தால் `t[4]` = 8, `t[5]` = 9, `t[6]` = 7, `t[7]` = 12; அதற்கு மேல் `t[2]` = 17, `t[3]` = 19; உச்சியில் `t[1]` = 36.

3 முதல் 7 வரை கேட்போம். 0இலிருந்து எண்ணி, வலது முனையைச் சேர்க்காமல் எழுதினால் அது 2 முதல் 7-க்கு முன் வரை. 8 கூட்டினால் l = 10, r = 15. l ஓர் இடது பிள்ளை, அப்பாவோடு சேர்ந்தே எடுத்துக்கொள்ளலாம், இப்போது விட்டுவிடுகிறோம். r ஒற்றைப்படை, அதற்கு முந்தைய `t[14]` தனியாக நிற்கிறது, அதன் அப்பாவை எடுத்தால் எட்டாவது எண்ணும் கூடவே வந்துவிடும். எனவே அதை இப்போதே எடுக்கிறோம்: 4. ஒரு மட்டம் மேலே போனால் l = 5, r = 7. l ஒற்றைப்படை, `t[5]`-ஐ எடுக்கிறோம்: 9. l = 6 ஆகிறது. r ஒற்றைப்படை, `t[6]`-ஐ எடுக்கிறோம்: 7. இன்னொரு மட்டம் மேலே இரண்டும் 3-இல் சந்திக்கின்றன, முடிந்தது. 4 + 9 + 7 = 20. முன்பு வந்த அதே விடை. ஆனால் இம்முறை எதையும் கழிக்கவில்லை. அதனால்தான் கூட்டலின் இடத்தில் `max` வைத்தாலும் இதே படிகள் வேலை செய்கின்றன.

```python
def update(self, i, v):
    i += self.n
    self.t[i] = v
    while i > 1:
        i //= 2
        self.t[i] = max(self.t[2*i], self.t[2*i + 1])

def query(self, l, r):
    res = float('-inf')
    l += self.n
    r += self.n
    while l < r:
        if l & 1:
            res = max(res, self.t[l])
            l += 1
        if r & 1:
            r -= 1
            res = max(res, self.t[r])
        l //= 2
        r //= 2
    return res
```

மூன்றாவது எண் 1 ஆகும் அதே சம்பவத்தை இதில் ஓட்டிப் பாருங்கள். `t[10]` = 1. அதன் அப்பா `t[5]`, 1-இலும் 2-இலும் பெரியது: 2. அதற்கு மேல் `t[2]`, 5-இலும் 2-இலும் பெரியது: 5. ஃபென்விக்கால் கண்டுபிடிக்க முடியாத அந்த 5 இங்கே தானாக வருகிறது. இங்கே அப்டேட் 'மாற்று' என்பதாகவே இருப்பதையும் கவனியுங்கள். வித்தியாசம் கணக்கிட வேண்டியதில்லை. கூட்டுத்தொகைக்கு வேண்டுமென்றால் `max`-ஐ எடுத்துவிட்டு + போடுங்கள், தொடக்க மதிப்பை 0 ஆக்குங்கள்.

இந்த வடிவத்துக்கு 2n கட்டங்கள் போதும், n எதுவாக இருந்தாலும் சரி. ரிகர்ஷன் வைத்து எழுதும் வடிவத்தில்தான் 4n என்பார்கள். n-க்கு அடுத்த 2-இன் அடுக்கு ஏறத்தாழ 2n வரை போகலாம், அதில் கட்டும் மரத்துக்கு அதைப்போல இரு மடங்கு இடம் வேண்டும் என்பதால். ஒரே ஒரு எச்சரிக்கை: இந்த லூப் இடது பக்கத் துண்டுகளையும் வலது பக்கத் துண்டுகளையும் கலந்து சேர்க்கிறது. கூட்டல், `max`, `min` எல்லாவற்றுக்கும் வரிசை பொருட்டல்ல. எழுத்துகளை ஒட்டுவது, மேட்ரிக்ஸ் பெருக்குவது போன்றவற்றில் வரிசை மாறினால் விடை மாறிவிடும். அங்கே இடது விடையையும் வலது விடையையும் தனித்தனியாக வைத்துக் கடைசியில் சேருங்கள்.

அடுத்து வரக்கூடிய நீட்சி, ஒற்றை இடத்துக்குப் பதில் 2 முதல் 5 வரை எல்லாவற்றிலும் 4 கூட்டு என்பது. லேஸி செக்மென்ட் ட்ரீ என்று எல்லோரும் அதை நோக்கியே ஓடுவார்கள். கூட்டுத்தொகை மட்டும் வேண்டுமென்றால் இரண்டு ஃபென்விக் போதும். பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசத்தை D என்று வைத்தால், இந்த அப்டேட் `D[2]`-இல் 4 கூட்டுவதும் `D[6]`-இல் 4 கழிப்பதும்தான். ஒரு ஃபென்விக்கில் D-ஐயும், இன்னொன்றில் j × D[j]-ஐயும் வையுங்கள். i வரையிலான கூட்டல், (i + 1) × முதலாவதன் ப்ரிஃபிக்ஸ் கழித்தல் இரண்டாவதன் ப்ரிஃபிக்ஸ். i = 4-க்கு இந்த அப்டேட்டின் பங்கு 5 × 4 - 2 × 4 = 12; 2, 3, 4 என்ற மூன்று இடத்திலும் நான்கு நான்கு, சரி. i = 6-க்கு 7 × 0 - (8 - 24) = 16; நான்கு இடங்கள், அதுவும் சரி. பகுதி முழுவதும் கூட்டி, பெரிய எண்ணைக் கேட்டால் மட்டும் லேஸி எழுதுங்கள். அதில் விடை தப்பினால், பிள்ளைகளுக்குள் இறங்கும் முன் நிலுவையில் இருக்கும் கூட்டலைக் கீழே தள்ளினீர்களா என்று முதலில் பாருங்கள்.

கடைசியாக, ரவுண்டில் 'கூட்டுத்தொகை, அப்டேட்' என்று நேராகக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த இரண்டு வார்த்தையும் இல்லாமல் வரும் கேள்விதான் கடினம். 'ஒவ்வோர் எண்ணுக்கும், அதன் வலது பக்கம் அதைவிடச் சிறிய எண்கள் எத்தனை?' என்பது லீட்கோட் 315. மாற்றமும் இல்லை, பகுதியும் இல்லை என்று தோன்றும். இங்கேதான் ஃபென்விக்கின் பழைய நோக்கம் கை கொடுக்கிறது: எது எத்தனை முறை வந்தது என்று குவித்து வைப்பது. அரேயின் இடம் அல்ல, எண்ணின் மதிப்புதான் இங்கே ஃபென்விக்கின் இண்டெக்ஸ்.

40, -7, 900, 12 என்று நான்கு எண்கள். மதிப்பு எதிர்மறையாகவும் பெரிதாகவும் இருப்பதால் அப்படியே இண்டெக்ஸ் ஆக்க முடியாது. வரிசைப்படுத்தித் தரவரிசை கொடுங்கள்: -7-க்கு 1, 12-க்கு 2, 40-க்கு 3, 900-க்கு 4. எல்லாம் 0 ஆன ஃபென்விக்குடன் வலமிருந்து வாருங்கள். 12: தரம் 2, `prefix(1)` = 0; பிறகு `add(2, 1)`. 900: தரம் 4, `prefix(3)` = 1, அந்த 12தான்; பிறகு `add(4, 1)`. -7: தரம் 1, `prefix(0)` = 0; பிறகு `add(1, 1)`. 40: தரம் 3, `prefix(2)` = 2. விடை இடமிருந்து 2, 0, 1, 0.

ஒரே எண் இரண்டு முறை வந்தால் இரண்டுக்கும் ஒரே தரம் கொடுக்க வேண்டும். 'சிறியது' என்று கேட்டால் `prefix(தரம் - 1)`, 'சிறியது அல்லது சமம்' என்று கேட்டால் `prefix(தரம்)`. இந்த ஒரு 1-இல்தான் பலருடைய விடை பிசகுகிறது. கேள்வியை வாங்கியதும் 2, 2, 1 என்று ஓர் உதாரணம் சொல்லி, என்ன விடை வர வேண்டும் என்று அவரிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வலது பக்கத்தில் 'சிறியது' மட்டும் என்றால் 1, 1, 0 வர வேண்டும். 'சிறியது அல்லது சமம்' என்றால் 2, 1, 0. அதை எழுதி வைத்துக்கொண்டு கோடைத் தொடங்குங்கள்.